நைட் டூட்டி வாரமெல்லாம் சமையல் என் தலையில்தான் விழுகிறது

கேள்வி: நான் மதுரையில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை, மதியம், நைட் என்று வாரம் ஒரு ஷிப்டாக மாறி மாறி வரும். அண்ணா நகரில் வாடகை வீட்டில் தம்பி, தங்கையோடு இருக்கிறேன். அப்பா அம்மா உசிலம்பட்டிப் பக்கம் ஊரில். தம்பி விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை வேலை; செவ்வாய் லீவு. தங்கை காலேஜ் இரண்டாம் வருடம். ஆறு மாதம் முன்பு வேலைகளை மூன்றாகப் பிரித்தோம்: மாவு உட்பட சமையல் ஒருவர், பாத்திரமும் குழாய்த் தண்ணீரும் ஒருவர், வீடு, துணி, கடை கண்ணி ஒருவர். வாரத்துக்கு ஒரு முறை மாறும். ஆனால் எனக்கு நைட் வரும் வாரமெல்லாம் சமையலும் என் முறையாகவே வருகிறது. சாயங்காலம் டூட்டிக்குப் போகும் முன் மறுநாளைக்கும் சேர்த்துச் செய்துவிட்டு ஓடுகிறேன். சொன்னால் தம்பி, "எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே சுத்துது, உனக்கு மட்டும் என்ன?" என்கிறான். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. நியாயமாக எப்படிப் பிரிப்பது?

பதில்: உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை, நீங்களும் மிகைப்படுத்தவில்லை. தகராறு அட்டவணையில்தான் இருக்கிறது. உங்கள் ஷிப்டு மூன்று வாரத்தில் ஒரு சுற்று வருகிறது. வீட்டு வேலையும் மூன்று வாரத்தில் ஒரு சுற்று வருகிறது. இரண்டும் ஒரே நீளம் என்பதால் முதல் மாதம் எப்படிப் பொருந்தியதோ அப்படியே கடைசிவரை பொருந்தி நிற்கும். முதல் நைட் வாரத்தில் சமையல் வந்ததா? அப்புறம் ஒவ்வொரு நைட் வாரத்திலும் சமையல்தான். ஆறு மாதம் இல்லை, ஆறு வருடம் ஓட்டினாலும் மாறாது.

ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நான் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் ஷிப்டு சார்ட் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஷிப்டு ஓடும் இடத்தில் இந்தச் சிக்கல் அடிக்கடி தலைகாட்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும் மெஷின் சுத்தம் எப்போதும் ஒரே கூட்டத்தின் நைட்டில் வந்து விழும். ஆட்கள் "எங்களைப் பழிவாங்குகிறார்கள்" என்பார்கள். உண்மையில் யாரும் யாரையும் பழிவாங்கியிருக்க மாட்டார்கள்; மூன்றும் மூன்றும் மாட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இதை முதலில் தம்பியிடம் காலண்டரை வைத்துக் காட்டுங்கள். போன நாலு சுற்றை எழுதி, உங்கள் ஷிப்டையும் முறை வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அவனுக்கே தெரிந்துவிடும். "நீ ஏமாற்றுகிறாய்" என்று தொடங்கும் பேச்சைவிட "இந்த சார்ட்டைப் பார்" என்று தொடங்கும் பேச்சு வீட்டுக்கு நல்லது.

இந்தப் பூட்டை உடைக்க ஒரு வழி, வேலைச் சுற்றை நாலு வாரமாக ஆக்குவது. மூன்றுக்கும் நாலுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் பன்னிரண்டு வாரத்தில் ஒவ்வொரு ஷிப்டும் ஒவ்வொரு வேலையோடும் ஒரு முறை சேரும். ஆலையில் அப்படித்தான் செய்வோம். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். வீட்டில் ஷிப்டு மாறுவது உங்களுக்கு மட்டும்தான். தம்பிக்கும் தங்கைக்கும் எந்த வாரமும் ஒரே மாதிரி. அதனால் பூட்டை உடைப்பதைவிட, பூட்டு உங்களுக்குச் சாதகமாக விழும்படி வரிசையை மாற்றிப் போடுவது மேல். அதற்கு முன் இரண்டு காரியம் இருக்கிறது.

முதல் காரியம், அளப்பது. ஒரு வாரம் மூன்று பேரும் செய்த வேலையை எத்தனை நிமிடம் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான தம்பதிகளில் இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் முழுப் பங்கையே தாண்டிவிட்டது. அவரவர் செய்தது அவரவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்தவர் செய்தது கண்ணில் படுவதில்லை. உங்கள் வீட்டிலும் மூன்று பேருடைய கணக்கும் சேர்ந்தால் நூற்றைம்பது சதவீதம் வரும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்து நான் ஒரு உத்தேசக் கணக்குப் போட்டேன். காலைச் சமையல், அதாவது டிபனும் மதியத்துக்குக் கட்டிக்கொடுப்பதும், தினம் 75 நிமிடம். இரவு டிபன் 40. பாத்திரம் 35. பெருக்கித் துடைப்பது 20. வாரக்கணக்கில் மாவாட்டுவது 80, துணி 150, குளியலறை கழிவறை 60, காய்கறி மளிகை 90, குழாய்த் தண்ணீர் 90, குப்பை, கேன் தண்ணீர், கேஸ் புக்கிங் மாதிரிச் சில்லறை 40. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 1,700 நிமிடம், 28 மணி நேரத்துக்குச் சற்று மேல். உங்கள் வீட்டு எண்கள் மாறலாம், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது.

இப்போது உங்கள் மூன்று பங்கைப் பாருங்கள். சமையல் பங்கு 885 நிமிடம். வீடு, துணி, கடை கண்ணி 480. பாத்திரமும் தண்ணீரும் 335. மூன்று வாரம் கூட்டினால் எல்லாருக்கும் 1,700 வருகிறது, தம்பி சொல்வது அதைத்தான். ஆனால் கனமான 885 உங்களுக்கு மட்டும் நைட் வாரத்தில் வருகிறது. கூட்டுத்தொகை சமம், சுமக்கிற நேரம் சமமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. தம்பி கடையை விட்டு வீடு வந்து சேரப் பத்து மணி ஆகும். அப்படியென்றால் அவன் சமையல் வாரத்தில் இரவு டிபன் யார் செய்கிறார்கள்? நீங்கள் எழுதவில்லை, தங்கையாகத்தான் இருக்கும். அவளும் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காரியம், வேலைகளை இரண்டு குவியலாகப் பிரிப்பது. சில வேலைக்கு மணி உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஆள் இருக்க வேண்டும். இரவு டிபன் எட்டு மணிக்குத் தயாராக வேண்டும். குப்பை வண்டி வரும்போது வாசலில் நிற்க வேண்டும். சில வேலைக்கு மணி கிடையாது. துணி துவைப்பது, மாவாட்டுவது, துடைப்பது எல்லாம் அன்றைக்குள் எப்போது செய்தாலும் சரி. ஆள் ஆளுக்கு நேரம் வேறாக இருக்கும் வீட்டில் மணி உள்ள வேலையைச் சுற்றில் விட்டால், அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவர் பெயரில் முறை வரும், வீட்டில் இருப்பவர் வேலையைச் செய்வார். அட்டவணை ஒன்று சொல்லும், வீட்டில் நடப்பது வேறாக இருக்கும். சண்டைக்கு வேறு விதை வேண்டாம்.

அதனால் எல்லாவற்றையும் சுற்ற வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். பாதிக்கும் மேலான வேலை சுற்றட்டும், மீதி பேர் எழுதி நிலையாக இருக்கட்டும். நான் போட்ட கணக்கு இது.

தங்கைக்கு நிலையான வேலை இரவு டிபன். சாயங்காலம் எந்த வாரமும் வீட்டில் இருப்பது அவள்தான். வாரம் 280 நிமிடம்.

தம்பிக்கு குழாய்த் தண்ணீர், குளியலறை கழிவறை, காய்கறி மளிகை, அப்புறம் அந்தச் சில்லறை வேலைகள். அதுவும் 280 நிமிடம்தான். உங்களுக்கு உழவர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் முதன்முதலாக 1999-இல் தொடங்கிய உழவர் சந்தையே உங்கள் அண்ணா நகரில் உள்ளதுதான். அது காலை நேரக் கடை, ஒன்பதரைக்கு வேலைக்குப் போகிறவனுக்குத் தோது. மளிகையும் கழிவறையும் செவ்வாய்க்கிழமை.

உங்களுக்குத் துணியும் மாவும், 230 நிமிடம். இரண்டுமே மணி இல்லாதவை. நைட் முடிந்து தூங்கி எழுந்து மூன்று மணிக்கு மெஷினில் துணியைப் போடலாம், மதிய ஷிப்டு வாரத்தில் காலையிலேயே போடலாம். தம்பி தங்கையைவிட உங்களுக்கு 50 நிமிடம் குறைவு. நைட் டூட்டிக்கு வீடு கொடுக்கும் சலுகை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் அது குத்திக்காட்டும் பொருளாகிவிடும்.

சுற்றுவது மூன்றே மூன்று: காலைச் சமையல், பாத்திரம், பெருக்கித் துடைப்பது. இதில்தான் பூட்டு நமக்கு உதவுகிறது. உங்களுக்குக் காலை ஷிப்டில் ஆறேகாலுக்கே கிளம்ப வேண்டியிருக்கும், ஆனால் சாயங்காலம் வீட்டில் இருப்பீர்கள், அதற்குப் பாத்திரம் பொருந்தும். மதிய ஷிப்டில் காலை முழுக்க வீட்டில், அப்போது சமையல். நைட்டில் தினம் இருபது நிமிடத் துடைப்பு போதும். அட்டவணையை இப்படி எழுதுங்கள்.

அக்கா காலை ஷிப்டு: அக்கா பாத்திரம், தங்கை சமையல், தம்பி துடைப்பு.
அக்கா மதிய ஷிப்டு: அக்கா சமையல், தங்கை துடைப்பு, தம்பி பாத்திரம்.
அக்கா நைட்: அக்கா துடைப்பு, தங்கை பாத்திரம், தம்பி சமையல்.

மூன்று வாரத்தில் மூன்று பேருக்கும் மூன்று வேலையும் ஒரு முறை வந்துவிடுகிறது. சுற்று வேலையில் ஆளுக்குச் சராசரி 303 நிமிடம். நிலையானதோடு கூட்டினால் தம்பிக்கும் தங்கைக்கும் வாரம் 583, உங்களுக்கு 533. எந்த ஒரு வாரத்தை எடுத்தாலும் யாருக்கும் பழைய 885 வராது. அதிகபட்சம், சமையல் வாரத்தில் தம்பிக்கும் தங்கைக்கும் 805. அதுவும் கனம்தான், ஆனால் அடுத்த இரண்டு வாரம் இறங்கிவிடும்.

அட்டவணையில் தேதி போடாமல் உங்கள் ஷிப்டின் பெயரை ஏன் எழுதச் சொன்னேன் என்றால், மருத்துவமனை சார்ட் எப்போதும் சொன்னபடி வராது. யாரோ லீவு போட்டால் உங்களுக்குத் தொடர்ந்து இரண்டு வாரம் நைட் வரும். தேதி போட்ட அட்டவணை அன்றே பொருந்தாமல் போய்விடும், அதற்குப் பிறகு தப்பான பூட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இப்போது உங்களுக்கு நடந்திருப்பதும் அப்படியே இருக்கலாம். ஷிப்டின் பெயரை எழுதினால் வீடு உங்கள் டூட்டியைப் பின்தொடரும். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு நைட் வாரம் சேர்ந்து வந்தால் தம்பி இரண்டு வாரமும் சமைக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு விதி: ஒரே ஷிப்டு திரும்ப வந்தால், இரண்டாவது வாரம் மற்ற இருவரும் தங்கள் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். தங்கை சமையல், தம்பி பாத்திரம், நீங்கள் துடைப்பு.

"எனக்குச் சமைக்கத் தெரியாது" என்று தம்பி சொல்வான். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். செய்கிற ஆண்களின் கணக்கே இது, செய்யாதவர்கள் இதில் இல்லை. தம்பியைக் குறை சொல்லி என்ன பயன், வளர்ந்த விதம் அப்படி. ஆனால் தெரியாது என்பது ஒரு சுற்றுக்குத்தான் காரணமாக இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. அவன் வாரத்துக்கு ஐந்து வகை எழுதிக்கொடுங்கள்: இட்லியும் தேங்காய்ச் சட்டினியும், உப்புமா, எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். இதில் சாம்பாரே இல்லை என்பதைக் கவனியுங்கள், வேண்டுமென்றேதான் விட்டேன். என்ன சமைப்பது என்று முடிவு செய்வதும், அதற்கு வேண்டியதைச் சந்தைச் சீட்டில் எழுதுவதும் அந்த வாரம் சமைப்பவர் பொறுப்பு. "இன்னைக்கு என்ன செய்யட்டும்?" என்று உங்களைக் கேட்டால் பாதி வேலை உங்களிடமே திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவும் பழக்கம் பல அக்காக்களுக்கு உண்டு. உங்களுக்கு இருந்தால் விடுங்கள். மறுபடி கழுவினால், தான் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவன் கற்றுக்கொள்வான். அதற்குப் பதிலாக எது முடிந்த வேலை என்று மூன்று பேரும் சேர்ந்து எழுதிவையுங்கள். பாத்திரம் முடிந்தது என்றால் தொட்டியில் ஒன்றும் இல்லை, அடுப்பு துடைத்திருக்கிறது, பால் பாத்திரம் ஊறப் போடப்படவில்லை, கழுவியிருக்கிறது. ஒன்பதரைக்கு மேல் சாப்பிடுகிறவர் தன் தட்டையும் டம்ளரையும் தானே கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பாத்திர முறைக்காரருக்கு வேலை முடிவதே இல்லை. எழுதியபடி இருந்தால் போதும், அதற்கு மேல் மினுக்க வேண்டும் என்று கேட்காதீர்கள்.

மாற்றிக்கொள்வது நடக்கத்தான் செய்யும். யாருக்கு முடியவில்லையோ அவரே மாற்றாளைப் பிடிக்க வேண்டும், அதே வேலையை அடுத்த சுற்றுக்குள் திருப்பிச் செய்ய வேண்டும், தாளில் எழுத வேண்டும். ஒரு சுற்றைத் தாண்டிய பாக்கியை அடித்துவிடுங்கள். "போன தைப்பொங்கலுக்கு நான் ரெண்டு நாள் செஞ்சேனே" என்று கிளறுவதால் குடும்பத்தில் யாரும் நிம்மதியடைந்ததில்லை. பணம் கொடுத்து முறையைத் தள்ளிவிடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். சம்பாதிக்கும் தம்பியால் அது முடியும், படிக்கும் தங்கையால் முடியாது. ஒரு வருடத்தில் எல்லா அழுக்கு வேலையும் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும். வேலைக்கு ஆள் வைப்பதென்றால் பாத்திரத்துக்கு மூன்று பேருக்கும் பொதுவாக வையுங்கள், சம்பளத்தை நீங்களும் தம்பியும் பகிர்ந்துகொள்ளுங்கள், அப்புறம் சுற்றில் மீதியுள்ள வேலையை மறுபடி பிரியுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் தம்பியின் கடையிலும், செமஸ்டர் தேர்வு இரண்டு வாரம் தங்கைக்கும் எந்த அட்டவணையும் நிற்காது. அப்போது முறையை மாற்றி மாற்றிப் பாக்கி ஏற்றுவதைவிட வேலையைக் குறையுங்கள். கடையில் மாவு வாங்குங்கள், துடைப்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் இரண்டு இரவு பரோட்டாவோ மெஸ் சாப்பாடோ. யாருக்கு நெருக்கடியோ அவருடைய நிலையான வேலையை மட்டும் மற்ற இருவரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்களுக்குக் காலை ஷிப்டு தொடங்கும் நாளிலிருந்து ஆரம்பியுங்கள். முறை மாறும் நாளும் உங்கள் ஷிப்டு மாறும் நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். முதல் சண்டை அந்த மாறும் நாளில்தான் வரும்: நேற்று இரவுப் பாத்திரம் யாருடையது என்று. அது பழைய முறைக்காரருடையது, காலை ஏழு மணிக்குள் தொட்டி காலியாக இருக்க வேண்டும் என்று இப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் சமையலையும் பாத்திரத்தையும் மட்டும் ஒரு வாரம் மறுபடி அளந்து பாருங்கள். நான் போட்ட 75, 35 உங்கள் வீட்டில் 90, 50 என்று வந்தால், இருபது நிமிடத் துடைப்போடு சந்தை வேலையையும் சேர்த்துச் சுற்றில் விட்டுவிடுங்கள்.